"ஐ ஆம் நோயிங்" என்று ஏன் சொல்வதில்லை?

அவரைப் பத்து வருஷமாகத் தெரியும் என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது நம்மில் பலர் "ஐ ஆம் நோயிங் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்" என்று சொல்லிவிடுகிறோம். பத்து வருஷம் தொடர்கிறதே, அப்படியானால் தொடர்வினைதானே வர வேண்டும் என்று மனசு கணக்குப் போடுகிறது. ஆனால் சரியான வாக்கியம் "ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்".

எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதை "இங்" பார்ப்பதில்லை. நடந்துகொண்டிருக்கும் ஒரு செயலின் நடுப்பகுதியைத்தான் அது வெட்டிக் காட்டுகிறது. சமைப்பதில் காய் நறுக்குவது, தாளிப்பது, இறக்குவது என்று கட்டங்கள் உண்டு, அதனால் "குக்கிங்" பொருந்துகிறது. ஒருவரைத் தெரிந்திருப்பதில் கட்டம் எங்கே இருக்கிறது? காலையில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் மாலையிலும். வெட்டிக் காட்ட நடு என்று ஒன்று இல்லை. 1957-ல் ஸீனோ வெண்ட்லர் என்ற தத்துவ அறிஞர் வினைகளை நான்கு வகையாகப் பிரித்தபோது இப்படிப்பட்டவற்றை "நிலை" என்று தனியே வைத்தார்.

தமிழிலும் இது உண்டு, நாம் கவனிப்பதில்லை, அவ்வளவுதான். தெரியும், வேண்டும், பிடிக்கும் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். காபி வேண்டும் என்பதைத் தொடர்வினையாக்க முயன்று "வேண்டிக்கொண்டிருக்கிறேன்" என்றால் சாமி கும்பிடுவதாக ஆகிவிடும். "பிடித்துக்கொண்டிருக்கிறேன்" என்றால் ஏணியையோ குடையையோ பிடித்திருக்கிறீர்கள். நிலை போய்ச் செயல் வந்துவிட்டது.

ஆங்கிலத்தின் விதிவிலக்குகள் பெரும்பாலும் இதே வழியில் வருபவைதான். "ஐ திங்க் இட்ஸ் குட்" என்றால் என் கருத்து, "ஐ ஆம் திங்கிங்" என்றால் யோசித்துக்கொண்டிருக்கிறேன். "தி சூப் டேஸ்ட்ஸ் சால்ட்டி" என்றால் சூப் உப்பாக இருக்கிறது, "ஐ ஆம் டேஸ்ட்டிங் தி சூப்" என்றால் கரண்டியில் எடுத்து உப்பு பார்க்கிறேன். "ஹேவ்" மட்டும் நம்மை அடிக்கடி ஏமாற்றும், ஏனென்றால் கார் வைத்திருக்கிறேன் என்பதில் உள்ள "இருக்கிறேன்" நம்மை "ஐ ஆம் ஹேவிங் எ கார்" பக்கம் இழுத்துவிடுகிறது. அங்கே "ஐ ஹேவ்" போதும். "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" சரி, ஏனென்றால் அங்கே ஹேவ் என்பது சாப்பிடுவது.

சந்தேகம் வந்தால் அந்த வினையை ஒருவரிடம் கட்டளையாகச் சொல்லிப் பாருங்கள். "டேஸ்ட் தி சூப்" என்று ஏவலாம், "நோ ஹிம்" என்று ஏவ முடியாது. எல்லா இடத்திலும் இது உதவாது. தூங்கு என்று சொன்னவுடன் யாரும் தூங்கிவிட மாட்டார்கள், ஆனால் "ஸ்லீப்பிங்" சரிதான்.

அப்புறம் "வான்ட்". "ஐ ஆம் வான்ட்டிங் காபி" பொதுவாக இடறும். ஆனால் "ஐ ஹேவ் பீன் வான்ட்டிங் டு டாக் டு யூ" என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களே இயல்பாகச் சொல்வார்கள், கொஞ்ச நாளாகவே உங்களிடம் பேச வேண்டும் என்று மனசில் திரும்பத் திரும்ப எழுந்த ஆசை அது. "நோ" இந்தச் சலுகையையும் தருவதில்லை. "ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம்" என்பதும் தப்புதான்.