போட்டியாளர் எதை எடுத்துக்கொண்டால் அடிபடுவீர்கள்?

"எங்கள் பொருளுக்கு ஒரு பேட்டன்ட் வாங்கணும்" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது தலைப்பில் உள்ள கேள்வியைத்தான். பதில் சொல்லச் சொல்ல, ஒரே பொருளுக்குள் வெவ்வேறு சட்டங்களில் சேரும் சொத்துகள் பல இருப்பது தெரியவரும்.

தண்ணீர் வடிகட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடைப்பு விழுந்தால் அழுத்தம் மாறுவதை உணர்ந்து, தண்ணீரை எதிர்ப்பக்கமாகத் திருப்பித் தானே கழுவிக்கொள்ளும் புது வால்வு அதில் இருக்கிறது. அதை இயக்க ஒரு மென்பொருள், பெட்டியோடு ஒரு படக்கையேடு, மேலே பெயரும் லோகோவும்.

வால்வு பேட்டன்டுக்கு உரியது. அது புதிதாக இருக்க வேண்டும். அந்தத் துறைக்காரர் எவரும் எளிதில் யோசித்துவிடக் கூடியதாகவும் இருக்கக் கூடாது. கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 ஆண்டு பாதுகாப்பு. பலர் இடறுவது "புதிது" என்பதில்தான். விண்ணப்பிப்பதற்கு முன்பே கண்காட்சியில் வால்வைப் பிரித்துக் காட்டியிருந்தாலோ, செயல்முறை வீடியோ போட்டிருந்தாலோ, அதைச் செய்தவர் நீங்களே என்றாலும் புதுமை போய்விடலாம். அப்படிக் காட்டிய பிறகும் விண்ணப்பிக்கச் சில நாடுகள் 6 அல்லது 12 மாதம் சலுகை தருகின்றன. பல நாடுகளில் அது இல்லை, அல்லது மிகக் குறுகியது. அதனால் முதலில் விண்ணப்பம், அப்புறம் விளம்பரம்.

கையேட்டுக்கும் மென்பொருளுக்கும் காப்பிரைட். காப்பிரைட்டுக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில், உருவாக்கிய உடனேயே, பதிவு செய்யாமலே அது வந்துவிடும். ஆனால் கையேட்டை அப்படியே அச்சடிப்பதைத்தான் அது தடுக்கும். அதைப் படித்து வால்வு செய்வதைத் தடுக்காது. மென்பொருளிலும் அதே கதை: அதே வேலையைச் செய்ய ஒருவர் சொந்தமாகப் புது நிரல் எழுதினால் காப்பிரைட் கைகொடுக்காது. நிரலை எழுதியவர் வெளியாளா என்று கட்டாயம் பாருங்கள். பல நாடுகளில், பணம் கொடுத்துவிட்டதால் மட்டும் உரிமை உங்களிடம் வந்துவிடாது. எழுத்துப்பூர்வமான உரிமை மாற்றம் வேண்டும். லோகோ வரைந்தவருக்கும் இது பொருந்தும்.

பெயருக்கு டிரேட்மார்க். டிரேட்மார்க் பதிவுக்காகப் பொருள்களையும் சேவைகளையும் பிரித்து வைக்கும் நைஸ் வகைப்பாட்டின் 45 வகுப்புகளில் தண்ணீர் வடிகட்டிக்கு 11ஆம் வகுப்பு; பெரும்பாலான நாடுகளில் 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். 'சுத்தநீர்' போலப் பொருளின் குணத்தையே சொல்லும் பெயரைப் பதிவு செய்வது சிக்கலாகும். அதை எல்லா விற்பனையாளரும் சொல்ல வேண்டியிருக்குமே! ஏற்கெனவே பெட்டிகளில் அச்சடித்துவிட்டு வருகிறவர்களிடம் இதைச் சொல்வதுதான் என் வேலையில் சங்கடமான பகுதி.

மிச்சம் இருப்பது வடிகட்டும் துகள்களைக் கலக்கும் முறை. பேட்டன்ட் கேட்டால் அதை வெளிப்படையாக எழுதித் தர வேண்டும்; விண்ணப்பம் பொதுவாக 18 மாதத்தில் வெளியாகிவிடும். பொருளை வாங்கிச் சோதித்தால் கலவை தெரிந்துவிடுமா என்று பாருங்கள். தெரியுமென்றால் பேட்டன்ட் பக்கம் யோசிக்கலாம். தெரியாதென்றால் வணிக ரகசியமாக வைத்து, அதைத் தொடும் ஒவ்வொருவரிடமும் ரகசிய ஒப்பந்தம் வாங்கிக்கொள்ளுங்கள்.