சொறிமீன் பட்ட இடத்தில் நல்ல தண்ணீர் ஏன் ஊற்றக் கூடாது?

திருச்செந்தூருக்குப் போய் வந்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். கடலில் குளிக்கும்போது சொறிமீன், அதாவது ஜெல்லி மீன், அவர் காலில் உரசிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் மணலை அள்ளித் தேய்த்தார்கள். ஒருவர் திருநீறு பூசினார். கடலாடியதும் நாழிக்கிணற்றில் குளிப்பது வழக்கம் என்பதால் அங்கேயும் போனார். தண்ணீர் பட்டால் எரிச்சல் அடங்கும் என்று பார்த்தால், பல மடங்கு கூடிவிட்டதாம். சுத்தமான தண்ணீர் எப்படி எரிச்சலைக் கூட்டும் என்பது அவருடைய கேள்வி.

சொறிமீனின் இழைகளில் ஆயிரக்கணக்கான கொட்டும் செல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உறை. அந்த உறைக்குள் நஞ்சு, சுருட்டி வைத்த நீண்ட குழல், அதன் அடியில் கூர்முள். உறைக்குள் கரைந்திருக்கும் பொருள்கள் அவ்வளவு அடர்த்தியானவை என்பதால், சவ்வூடு பரவலால் தண்ணீர் உள்ளே வந்து அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சொறிமீனுக்கு உறவான ஹைட்ரா என்ற சிறு நன்னீர் உயிரியில் அளந்தபோது அது காற்றழுத்தத்தைப் போல 150 மடங்கு இருந்தது. கார் டயரில் நாம் அடிப்பது 2 மடங்கு சொச்சம்தான்.

செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்மயிரில் ஏதாவது பட்டால் உறையின் மூடி திறந்துவிடும். முள் தோலைத் துளைக்க, குழல் உள்பக்கம் வெளியே வருமாறு புரண்டு பாய்ந்து நஞ்சை இறக்கும். முள் வெளியே பாய ஆகும் நேரம் 700 நானோ நொடி என்று 2006-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதற்காக நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் படம் எடுக்கும் கேமராவை ஹைட்ரா முன்னால் வைத்தார்கள். குட்டைப் பூச்சியைப் படம் பிடிக்க இவ்வளவு செலவா என்று கேட்காமல் பணம் கொடுத்தவர்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நம்மூரில் அந்த விண்ணப்பம் முதல் மேசையையே தாண்டியிருக்காது.

இந்தச் செல் வெடிக்க மூளையின் உத்தரவு தேவையில்லை. அதனால்தான் செத்துக் கரையொதுங்கிய சொறிமீனும் கொட்டும், அறுந்த இழையும் கொட்டும். வாசகியின் காலில் ஒட்டியிருந்த இழைத்துண்டுகளில் வெடிக்காத செல்கள் ஏராளம் மிச்சம் இருந்திருக்கும். கடல்நீரின் உப்புக்குப் பழகிய செல் அது. சுற்றிலும் திடீரென்று உப்பில்லாத தண்ணீர் வந்ததும் செல் தண்ணீரை உறிஞ்சி ஊதிப்போகும். மிச்சம் இருந்த உறைகளும் வெடிக்கும். (ஹைட்ரா நன்னீரில்தானே வாழ்கிறது என்று கேட்பீர்கள். அதன் செல்கள் நன்னீருக்கென்றே அமைந்தவை.) மணலைத் தேய்த்ததும் அதே வேலையைத்தான் செய்தது, அழுத்தத்தால். திருநீற்றின் மேல் எனக்குக் குறை இல்லை, பூசிய கை அழுத்தித் தேய்த்திருந்தால்தான் குறை.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்? முதலில் தண்ணீரை விட்டு வெளியே வர வேண்டும். அப்புறம் கடல்நீரையே மெதுவாக ஊற்றி அலச வேண்டும். ஒட்டியிருக்கும் இழையை இடுக்கியால் பிடித்துத் தூக்கி எடுக்க வேண்டும். அட்டையால் வழித்தால் செல்கள் நசுங்கும். சிறுநீர், சாராயம் இரண்டும் வேண்டாம். பெட்டி வடிவச் சொறிமீன் என்று தெரிந்தால் வினிகர் ஊற்றலாம். வெடிக்காத செல்களை அது முடக்கிவிடும். ஆனால் வேறு சில இனங்களில் அதே வினிகர் செல்களை வெடிக்க வைக்கும். எந்த இனம் என்று தெரியாதபோது கடல்நீரே பாதுகாப்பு.

இழைகளை எடுத்த பிறகு வெந்நீர். நஞ்சில் உள்ள புரதங்கள் பல சூட்டில் செயலிழக்கும். சுமார் 45 டிகிரி செல்சியஸ் சூட்டில் 20 நிமிடம் முக்கி வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் நீலக்குமிழ் இனம் கொட்டியவர்களிடம் நடந்த சோதனையில், வெந்நீர் வைத்தவர்களில் 87 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. ஐஸ் வைத்தவர்களில் 33 சதவீதம்தான். வெந்நீரும் உப்பில்லாத தண்ணீர்தானே என்றால், ஆம். அதனால்தான் அலசி, இழையை எடுத்த பிறகே அதைச் சொல்கிறேன். கொட்டுப்படாத ஆள் முதலில் கையை விட்டுச் சூடு பார்க்கட்டும். வலியில் இருப்பவருக்குத் தோல் வேகுவது தெரியாது.

மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், உடம்பெங்கும் தடிப்பு, முகமோ நாக்கோ வீங்குவது, ஓயாத வாந்தி: இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். கண்ணில் பட்டாலோ, குழந்தைக்குக் கைகால் முழுக்கப் பட்டாலோ அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சில சிறிய பெட்டிச் சொறிமீன்கள் ஏமாற்றும்: கொட்டியபோது லேசான எரிச்சல், அரைமணி கழித்துக் கடுமையான இடுப்புவலி, தசைப்பிடிப்பு, வியர்வை. ஆகவே ஒரு மணி நேரமாவது ஆளைத் தனியே விடாதீர்கள்.

வாசகிக்கு வலி மறுநாளே போய்விட்டது. ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே கோடுகள் சிவந்து அரித்தால் பயப்பட வேண்டாம். தாமதமாக வரும் ஒவ்வாமை அது, தோல் மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுப்பார்.