ஒன்றுக்குப் பத்து என்றால் எத்தனை?

காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். இரண்டாமாண்டு மாணவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் ஊருணித் தண்ணீர் எடுத்து வந்து, அதில் ஒரு மி.லி.க்கு எத்தனை பாக்டீரியா இருக்கிறது என்று, ஒரு குழாயிலிருந்து அடுத்த குழாய்க்கு எடுத்துப் படிப்படியாக நீர்த்துக்கொண்டே போகும் தொடர் நீர்த்தல் முறையில் எண்ணுவார்கள். சென்ற பருவத்தில் ஒரு மாணவரின் குழாய் வரிசை பார்வைக்கு ஒழுங்காக இருந்தது. தட்டில் பாக்டீரியா பெருகி உண்டாகும் புள்ளிகளான காலனிகளும் எண்ணுவதற்கு ஏற்ற 30 முதல் 300 என்ற வரம்புக்குள் 58 என்று வந்திருந்தன. ஆனால் குழாய்களில் ஒன்பது மி.லி.க்குப் பதிலாகப் பத்து மி.லி. உப்புக்கரைசல் ஊற்றப்பட்டிருந்ததை ஆய்வக உதவியாளர்தான் கவனித்துச் சொன்னார்.

ஏன் பத்து ஊற்றினார் என்று கேட்டேன். "ஒன்றுக்குப் பத்து என்று நீங்கள்தானே சார் பலகையில் எழுதினீர்கள்?" என்றார். அவருடைய தந்தை கொத்தனார். பூச்சு வேலையில் ஒன்றுக்கு நான்கு என்றால் ஒரு பங்கு சிமெண்டோடு நான்கு பங்கு மணல். மொத்தம் ஐந்து பங்கு. அந்தக் கணக்கில் வளர்ந்த பிள்ளைக்கு, ஒன்றுக்குப் பத்து என்றால் ஒரு பங்கு மாதிரியோடு பத்துப் பங்கு கரைசல் என்றுதான் தோன்றும். நுண்ணுயிரியல் ஆய்வகத்திலோ அதே சொல்லுக்கு மொத்தம் பத்துப் பங்கு, அதில் மாதிரி ஒரு பங்கு என்று பொருள். பிழை அவருடையது என்பதைவிட, இரு பொருள் தரும் குறியைப் பலகையில் எழுதிய என்னுடையது என்பதே சரி.

நீர்த்தல் காரணி என்பது கலந்தபின் உள்ள மொத்தக் கனஅளவை எடுத்த மாதிரியின் கனஅளவால் வகுத்து வருவது. 1 மி.லி. மாதிரி 9 மி.லி.யோடு சேர்ந்தால் 10 ÷ 1 = 10. பத்தோடு சேர்ந்தால் 11 ÷ 1 = 11. ஒரே படியில் நின்றால் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஆனால் படிகளின் காரணிகள் கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. அதனால் சிறு பிழையும் ஒவ்வொரு படியிலும் பெருகிக்கொண்டே போகும்.

அந்த மாணவர் மூன்றாவது குழாயிலிருந்து 0.1 மி.லி. எடுத்துத் தட்டில் பரப்பியிருந்தார். மூன்று படிகளுக்கு 10 × 10 × 10 = 1000 என்று வைத்து, பரப்பியது மி.லி.யில் பத்தில் ஒரு பங்கு என்பதால் மேலும் பத்தால் பெருக்கி, 58 × 1000 × 10 = 5,80,000 என்று எழுதியிருந்தார். (இந்தக் கடைசிப் பத்தை மறந்துவிட்டு 58,000 என்று எழுதுபவர்களே வகுப்பில் அதிகம், அவர் மறக்கவில்லை.) அவர் கையால் செய்த நீர்த்தலுக்கு உரிய கணக்கோ 11 × 11 × 11 = 1331; ஆக 58 × 1331 × 10 = 7,71,980, அதாவது ஏறத்தாழ 7,70,000. உண்மையில் இருந்ததில் நான்கில் ஒரு பங்கு விடையில் காணாமற்போயிருந்தது. ஆறு படிகள் போயிருந்தால் 11-ஐ ஆறு முறை பெருக்க 17,71,561 வரும். பத்து லட்சம் என்று கணக்கிட்டவரின் விடை உண்மையில் முக்கால் பங்குகூடத் தேறாது.

தட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க இயலாது என்பதுதான் இதன் சிக்கல். அடுத்தடுத்த தட்டுகளில் காலனிகள் பத்துக்கு ஒன்றாகக் குறைகின்றனவா என்று ஒப்பிடுவது வழக்கம். ஆனால் 58 காலனி என்ற எண்ணிக்கையே தற்செயலால் ஏழெட்டு கூடவோ குறையவோ வரக்கூடியது. அந்த ஆட்டத்துக்குள் பத்துக்கும் பதினொன்றுக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடும்.

ஆகவே இப்போது பாக்டீரியாவைத் தொடுவதற்கு முன், அதே குழாய் வரிசையை வாலை வடிநீரும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கொண்டு ஒரு முறை செய்யச் சொல்கிறேன். லிட்டருக்கு 1000 மி.கி. கரைசலில் தொடங்கினால் இரண்டாவது குழாயில் 1000 ÷ 100 = 10 மி.கி. இருக்க வேண்டும். பத்து மி.லி. ஊற்றியவருக்கு 1000 ÷ 121, அதாவது சுமார் 8.3 மி.கி.தான் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே இளஞ்சிவப்பு. பச்சை வடிகட்டி போட்ட நிறமானியில் வைத்தால் அளவு குறைந்து நிற்பது தெரிந்துவிடும்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. ஒன்பது மி.லி. ஊற்றிய பிறகு குழாய்களைக் கிருமிநீக்க ஆட்டோகிளேவில் வைத்தால் கொஞ்சம் ஆவியாகும். 8.5 மி.லி. மிஞ்சினால் காரணி 9.5, மூன்று படியில் அது 857. அதை 1000 என்று கொண்டால் விடை ஆறில் ஒரு பங்கு கூடிவிடும். கரைசலைத் தனியே கிருமிநீக்கம் செய்து, பிறகு கிருமிநீக்கிய பிப்பெட்டால் அளந்து ஊற்றினால் இது வராது.

பலகையில் இப்போது 1 + 9 என்றே எழுதுகிறேன். அந்த மாணவரின் பதிவேட்டை நான் திருப்பி அனுப்பவில்லை. ஒவ்வொரு குழாயிலும் பத்து மி.லி. ஊற்றியதாக அவரே நேர்மையாகக் குறித்து வைத்திருந்ததால், தட்டுகளை மறுபடி போடாமல் காரணியை மட்டும் 1331 என்று மாற்றி விடையைத் திருத்திக்கொண்டோம்.