சேனல் லோகோவ எடுத்த இடம் ஏன் தனியா தெரியுது?

ஸ்கிரீன்ஷாட்ல லோகோவ எடுத்துக் குடுங்கன்னு வர்ற வேலைல பாதி, ஏற்கனவே யாரோ ஹீலிங் பிரஷ் வச்சு தேச்ச படமாத்தான் இருக்கும். லோகோ போயிருக்கும், ஆனா அந்த இடம் மட்டும் மழுமழுன்னு இருக்கும். சுத்தி இருக்கற பிளர், நாய்ஸ் ரெண்டுமே அங்க இல்லாததுதான் காரணம்.

ஸ்கிரீன்ஷாட்டே வேணாம், வீடியோவ வாங்குங்க. ஓடுற ஒருத்தர ஃபாலோ பண்ணி கேமரா வலது பக்கம் திரும்புது, லோகோ வலது மேல் மூலைல 160 பிக்சல் அகலம்னு வச்சுக்கோங்க. பின்னணி ஒரு ஃப்ரேமுக்கு 20 பிக்சல் இடது பக்கம் நகருதுன்னா, லோகோக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கறது 9 ஃப்ரேம் கழிச்சு முழுசா வெளிய வந்துடும், அத பேட்ச்சா எடுத்து வச்சாலே போதும், எதையும் கற்பனையா வரைய வேணாம். அந்த இடத்துலேர்ந்து ஃப்ரேம்கள பிரிச்சுக்கங்க:

```
ffmpeg -ss 00:01:12 -i clip.mp4 -frames:v 25 f_%03d.png
```

பிஎன்ஜியா எடுக்கறது முக்கியம், ஜேபெக்னா இன்னொரு தடவ கம்ப்ரெஸ் ஆகிடும்.

மாஸ்க்க லோகோ ஓரத்தோட நிறுத்திடாதீங்க. கம்ப்ரெஷன்ல லோகோவ சுத்தி கொசுக்கூட்டம் மாதிரி புள்ளிகள் வரும், கலர் விவரம் பாதி ரெசல்யூஷன்லதான் சேவ் ஆகுதுங்கறதால லோகோவோட சிவப்பு வெளியவும் கசிஞ்சிருக்கும். சுத்தி 8லேர்ந்து 10 பிக்சல் கூட்டுங்க. கலர் சேனல மட்டும் தனியா போட்டுப் பாத்தீங்கன்னா கசிவு எதுவரைக்கும் போயிருக்குன்னு தெரிஞ்சிடும்.

அடுத்து பிளர், நிறைய பேர் கோட்ட விடுறது இங்கதான். கேமரா ஒரே வேகத்துல திரும்பினா ரெண்டு ஃப்ரேம்லயும் பிளர் ஒண்ணுதான், பிரச்சனை இல்ல. வேகம் மாறியிருந்தா பேட்ச்ல பிளர் கம்மியா இருக்கற ஃப்ரேமாப் பாத்து எடுங்க, ஏன்னா கம்மியா இருக்கறத கூட்டலாம், கூட இருக்கறத சுத்தமா குறைக்க முடியாது. நம்ம படத்துல 10 பிக்சல், பேட்ச்ல 6 பிக்சல்னா வித்தியாசம் 4தானேன்னு 4 போட்டா பத்தாது, பிளர் வர்க்கமாத்தான் கூடும், 100லேர்ந்து 36 போனா 64, அதோட வர்க்கமூலம் 8, அதனால அதே திசைல கிட்டத்தட்ட 8 பிக்சல் மோஷன் பிளர் போடணும்.

இப்படி பிளர் பண்ணும்போது பேட்ச்ல இருந்த நாய்ஸும் கரைஞ்சு போயிடும், அதனால பக்கத்துல இருக்கற தட்டையான இடத்துல நாய்ஸ் எவ்வளவு இருக்குன்னு பாத்து அதே அளவு பேட்ச்லயும் சேருங்க. டீநாய்ஸ், ஷார்ப்பன் எல்லாம் கடைசில, முழுப் படத்துக்கும் சேத்து. முதல்லயே ஷார்ப்பன் பண்ணா லோகோவ சுத்தி இருக்கற புள்ளிகள் இன்னும் பளிச்சுன்னு ஏறிடும்.

முடிஞ்சதும் கர்வ்ஸ்ல கான்ட்ராஸ்ட்ட நல்லா ஏத்திப் பாருங்க, பேட்ச் சரியில்லன்னா கட்டமா தனியா தெரியும்.

உங்களுக்கு உரிமை இருக்கற வீடியோல மட்டும் இத செய்யுங்க, கிளீன் காப்பி கிடைக்குமான்னு முதல்ல கேட்டுப் பாருங்க. ஆதாரமாவோ செய்தியாவோ போற படம்னா லோகோவ தொடவே தொடாதீங்க, அது எங்கேர்ந்து வந்துச்சுங்கறதே அந்த லோகோதான் சொல்லுது.