கல்லடிக் கடற்கரையில் முகம் ஏன் செங்கல் நிறமானது?

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணன், கல்லடிக் கடற்கரையில பின்னேரம் ஒரு குறும்படம் எடுத்தம். இணையத்தில இறக்கின, படத்தின்ர நிறத்தை மாத்திற லட் ஒன்றைப் போட்டன். கடல் நல்லா வந்திருக்கு, ஆனா ஆக்கள்ட முகம் செங்கல் மாதிரி இருக்கு. லட் பிழையா, கமரா பிழையா?"

இரண்டும் பிழையில்லை, தம்பி. வேலை செய்த வரிசைதான் பிழை.

முதலில் கல்லடியின் வெளிச்சத்தைப் பார்ப்போம். அங்கே கடல் கிழக்கே, வாவி மேற்கே. பின்னேரம் சூரியன் வாவிப் பக்கம் இறங்கும்போது கடற்கரை மரங்களின் நிழலுக்குள் போய்விடும். அப்போது முகத்தில் விழுவது நேர் வெயில் அல்ல, திறந்த வானத்தின் நீல ஒளி. நம் மூளை அந்த நீலத்தைத் தானாகவே கழித்துவிடும். பகல் வெயிலுக்கு என்று வெள்ளைச் சமநிலை வைத்த கமரா கழிக்காது. ஆகவே கிளிப் முழுவதிலும், முகம், வேட்டி, மணல் என்று எல்லாவற்றிலும் நீலம் கொஞ்சம் ஏறியிருக்கும்.

லட் என்பது ஓர் அட்டவணை. இந்த எண் உள்ளே வந்தால் அந்த எண்ணை வெளியே கொடு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். செய்தவர் ஒழுங்காகத் திருத்திய படத்தை நினைத்துச் செய்திருப்பார். திருத்தாத படத்தைக் கொடுத்தால் அட்டவணையின் வேறு வரியைத்தான் அது எடுக்கும். பிறகு திருத்திக்கொள்ளலாமே என்றால், சில விடயங்கள் திரும்பி வராது. ஒரு சிறு கணக்கு: தலைமுடியின் வெளிச்சம் 6, பக்கத்தில் கறுப்புச் சட்டை 9. லட் 10க்குக் கீழ் உள்ள எல்லாவற்றையும் 0 ஆக்குகிறது என்று வையுங்கள். அதற்குப் பின் 8 உயர்த்தினால் தலைமுடியும் 8, சட்டையும் 8; இரண்டும் ஒரே சாம்பல். முதலே உயர்த்தியிருந்தால் 14, 17 என்று உள்ளே போய், வேறுபாட்டோடு வெளியே வந்திருக்கும்.

அதனால்தான் வரிசை: முதலில் வெளிச்சம், அப்புறம் வெள்ளைச் சமநிலை, அப்புறம் நிறச் செறிவு. இவை முதல்நிலைத் திருத்தம். அதற்குப் பின் ஷொட்டுகளை ஒன்றோடொன்று பொருத்துவது, தேவையான இடத்தை மட்டும் தனியே திருத்துவது. கடைசியில்தான் லுக், அதாவது லட் கொடுக்கும் நிறப் பாணி.

வெளிச்சத்துக்கு வேவ்ஃபார்ம் என்ற வரைபடம் போதும். படத்தில் இடமிருந்து வலம் எப்படியோ, வேவ்ஃபார்மிலும் இடமிருந்து வலம் அப்படியே. ஆனால் மேல் கீழ் என்பது படத்தின் மேல் கீழ் அல்ல, வெளிச்சத்தின் அளவு: அடியில் 0, உச்சியில் 100. வானம் 90 பக்கம் ஒரு தடித்த பட்டையாகத் தெரியும். அது 100இல் கத்தியால் வெட்டியதுபோல் தட்டையாக நின்றால் அந்த இடத்தில் மேகம் பதிவாகவே இல்லை; குறைத்தாலும் வெறும் சாம்பல்தான் வரும். இன்னொன்று. முகம் 60, 70இல் இருக்க வேண்டும் என்று பல வழிகாட்டிகளில் எழுதியிருக்கும். அது வெளிறிய தோலுக்குச் சொன்ன எண். நம் ஆட்களின் முகம் 30, 40இல் இருப்பது பிழை அல்ல. அதை இழுத்து உயர்த்தி, மணப்பெண்ணை மா பூசியதுபோல் ஆக்கும் கல்யாண வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் மனம் வலிக்கிறது. கறுப்பு என்பது திருத்த வேண்டிய குறை என்ற மூடநம்பிக்கையைக் கருவிமேல் ஏற்றக் கூடாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த கருவி, வெக்டர்ஸ்கோப். இது வட்டம். வெளிச்சத்தை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் காட்டும். நடுப்புள்ளி என்றால் நிறமே இல்லை. நடுவிலிருந்து தூரம் செறிவு, கோணம் நிறம். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு சாய்ந்த கோடு இருக்கும், ஏறத்தாழ 123 பாகையில். பழைய அமெரிக்கத் தொலைக்காட்சி முறையின் ஓர் அச்சு அது. தோலுக்காக வரைந்த கோடு அல்ல, ஆனால் சரியான வெளிச்சத்தில் எடுத்த மனிதத் தோல் பெரும்பாலும் அதன் அருகில்தான் விழும். வெள்ளைக்காரர் என்றாலும், நம் கடற்றொழிலாளர் என்றாலும் அப்படித்தான்.

எப்படி? தோலுக்கு நிறம் கொடுப்பவை முக்கியமாக இரண்டு: மெலனினும் இரத்தத்தின் ஹீமோகுளோபினும். இரண்டுமே சிவப்பைவிட நீலத்தையும் பச்சையையும் அதிகம் விழுங்குகின்றன. ஆகவே எந்தத் தோலிலும் சிவப்பு முதலில், பச்சை அடுத்து, நீலம் கடைசி. ஒரு வெளிறிய முகம் சிவப்பு 80, பச்சை 62, நீலம் 52 என்று எடுங்கள். மூன்றையும் கண்ணின் உணர்வுக்கு ஏற்பக் கூட்டினால் வெளிச்சம் 65. சிவப்பில் இருந்து வெளிச்சத்தைக் கழித்தால் 15. நீலத்தில் இருந்து கழித்தால் -13. இன்னொரு முகம் அதில் பாதி: 40, 31, 26. கழித்தால் 7.5, -6.5. எண்கள் பாதியாகின, விகிதம் மாறவில்லை. விகிதம்தான் கோணம்! உண்மையான தோல்கள் இவ்வளவு கச்சிதமாகப் பாதியாகாது, அதனால் கோட்டின் இரு பக்கமும் கொஞ்சம் சிதறும். ஆனாலும் சாதி, இனம், நிறம் என்று நாம் பிரித்து வைத்த முகங்களெல்லாம் ஒரு கோட்டை ஒட்டி வரிசையாய் விழுவதை முதன்முதல் திரையில் பார்த்த இரவு நான் நெடுநேரம் தூங்கவில்லை.

இதை வைத்துத் தம்பியின் ஷொட்டுக்கு வருவோம். அவர் அனுப்பிய கிளிப்பில் கன்னத்தில் ஒரு சிறு வட்டம் போட்டு, அது மட்டும் வெக்டர்ஸ்கோப்பில் தெரியும்படி வைத்தேன். சிவப்பு 36, பச்சை 31, நீலம் 31. புள்ளி கோட்டில் இல்லை. ஏறிய நீலம் தோலின் மஞ்சளைத் தின்றுவிட்டதால், சிவப்புப் பக்கம் சுமார் 20 பாகை திரும்பி, நடுவை நோக்கிச் சுருங்கி நின்றது. அவர் போட்டதோ சூடான நிறங்களின் செறிவை ஏற்றி, நிழல்களை நீலப்பச்சை ஆக்கும் லட். சிவப்பாய்த் திரும்பிய தோலுக்குச் செறிவு ஏற்றினால் வருவது செங்கல்தான்.

திருத்தம் வேட்டியில் இருந்து தொடங்கியது. மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் பரேட் வேவ்ஃபார்மில் வேட்டி சிவப்பு 68, பச்சை 74, நீலம் 84. வெள்ளை என்றால் மூன்றும் ஒரே உயரம். ஒவ்வொரு நிறத்தையும் பெருக்கும் கெய்னில் சிவப்பைக் கூட்டி, நீலத்தைக் குறைத்து, மூன்றையும் 74க்குக் கொண்டுவந்தேன். முகத்தைத் தொடவே இல்லை. அதே பெருக்கலில் கன்னம் 39, 31, 27 ஆனது. புள்ளி தானாகவே நடுவிலிருந்து வெளியே நகர்ந்து கோட்டில் போய் உட்கார்ந்தது.

ஒரு எச்சரிக்கை: நம் வீடுகளில் வேட்டிக்கு நீலம் போட்டுத் துவைப்பார்கள். அந்த வேட்டி உண்மையிலேயே கொஞ்சம் நீலம். அதை முழு வெள்ளையாக்கினால் முகம் மஞ்சளாகி, புள்ளி கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகும். அதனால் வேட்டியையும் கன்னத்தையும் சேர்த்தே பாருங்கள். கோயில் விளக்கொளியில் நிற்பவர், மஞ்சள் பூசிய முகம், வாவியில் அந்திச் சிவப்பு, இவையெல்லாம் கோட்டில் இருக்கத் தேவையில்லை. அங்கே கோட்டுக்கு இழுத்தால் விளக்கையே அணைத்ததாகிவிடும்.

இதற்குப் பிறகுதான் அதே லட்டை, நோடு எனப்படும் திருத்தப் படிகளில் கடைசியானதில், 60 சதவீத அளவில் போட்டேன். கன்னம் கொஞ்சம் வெளியே நகர்ந்தது, கோணம் அசையவில்லை. நீலத்தை எடுத்துவிட்டு லட்டால் திரும்பப் போடுவது வீண் வேலை இல்லையா என்று தம்பி கேட்டார். இல்லை. வானம் கொடுத்த நீலம் முகத்திலும் ஏறியிருந்தது. லட் கொடுக்கும் நீலப்பச்சை கடலிலும் மர நிழலிலும் நிற்கிறது, முகத்தில் இல்லை.