கனவில் செத்தது யார்?

வேலையை விட்ட ஆறாம் நாள் விடியற்காலையில் நான் செத்துப்போனேன். கனவில்தான். பழைய அலுவலகத்தில், என் மேசைக்குப் பக்கத்திலேயே தரையில் கிடக்கிறேன். யாரும் அழவில்லை. என் நாற்காலியில் முன்பின் தெரியாத ஒரு பையன் உட்கார்ந்துகொண்டு இழுப்பறையைக் குடைகிறான். "ஒரு பேனாகூட எழுத மாட்டேங்குது" என்கிறான். நீல மூடி போட்டது எழுதும் என்று சொல்ல வாயெடுத்தேன், குரல் வரவில்லை. அப்போதுதான் புரிந்தது, நான் செத்துவிட்டேன் என்று. விழித்தபோது மணி நாலே முக்கால். நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

அன்று முழுக்க ஒரு பயம் ஒட்டிக்கொண்டே இருந்தது. ஏதாவது நடக்கப்போகிறதோ? படித்தது ஒன்று, பயப்படுவது ஒன்று. தூக்கத்தைப் பற்றி வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தும் அந்த ஒரு காலை நேரத்தில் எதுவும் உதவவில்லை. சாயங்காலம்தான் உட்கார்ந்து அந்தக் கனவைப் பிரித்துப் பார்த்தேன்.

முதலில் நேரம். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் க்ளைட்மனும், உறங்குகிறவர்களின் கண்கள் மூடிய இமைக்குள் அவ்வப்போது வேகமாக உருள்வதைப் பதிவு செய்தார்கள். அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் கனவு சொன்னார்கள். இதைத்தான் ரெம் உறக்கம் என்கிறோம். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும் அது விடியும்போது அரைமணி நேரம் வரைக்கும் நீளும். காட்சி தெளிவான, கதை நீளமான கனவுகள் விடியற்காலையில் குவிவது இதனால்தான். விடிகாலைக் கனவுக்குத் தனி மகத்துவம் ஒன்றும் இல்லை. அப்போது கனவும் அதிகம், விழிப்பும் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் நினைவிலும் தங்குகிறது.

ரெம் உறக்கத்தில் மூளை அரைகுறையாக விழித்திருக்கிறது. பயத்தையும் ஆபத்தையும் மோப்பம் பிடிக்கும் அமிக்டலா சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. "இது எப்படிச் சாத்தியம்?" என்று குறுக்குக் கேள்வி கேட்கும் முன்புறணியின் பகுதிகளோ மந்தமாகிவிடுகின்றன. உடல் தசைகளுக்குப் போகும் கட்டளைகளை மூளைத்தண்டு தடுத்து வைக்கிறது. கனவில் கத்த முடியாமல், ஓட முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைப்பவர்கள் உண்டு. தரையில் கிடந்த எனக்குக் குரல் வராததில் இதற்கும் பங்கு இருக்கலாம். அசைவில்லாத உடல், விழித்திருக்கும் பயம், கேள்வி கேட்க ஆளில்லாத மனம். செத்துக் கிடப்பதாக ஒரு கதை கட்ட இதைவிட வசதியான சூழ்நிலை கிடைக்காது.

சரி, ஏன் ஆறாம் நாள்? கனடாவின் கனவு ஆய்வாளர் டோரே நீல்சன், கனவுகளில் நம் பகல் எந்த நாளில் தலைகாட்டுகிறது என்று எண்ணிப் பார்த்தவர். நேற்று நடந்தது இன்று இரவு வருவது எல்லோருக்கும் தெரிந்ததே. அதே சம்பவத்தின் துணுக்குகள் நடுவில் சில நாள் காணாமல் போய், ஐந்து முதல் ஏழு நாள் கழித்து மறுபடி எட்டிப்பார்க்கின்றன என்பதுதான் அவர் கண்டது. புது அனுபவத்தைப் பழைய நினைவுகளோடு கோக்கும் வேலைக்கு அவ்வளவு நாள் பிடிக்கிறது என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். நான் மேசையைக் காலி செய்த அன்று இழுப்பறையில் காய்ந்துபோன பேனாக்கள் கிடந்தன. ஒவ்வொன்றாகக் கிறுக்கிப் பார்த்து, எழுதாதவற்றை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். நீல மூடி போட்டது மட்டும் எழுதியது. ஆறு நாள் கழித்து அந்தப் பேனா அப்படியே திரும்பி வந்திருக்கிறது. உட்கார்ந்திருந்த ஆள் மட்டும் மாறிப்போனார்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. செத்துப்போவது எப்படியிருக்கும் என்பதற்கு மூளையிடம் ஒரு நினைவும் கிடையாது. கனவு, கையில் இருக்கும் நினைவுகளை வைத்துத்தான் படம் போட முடியும். அதனால் "நான் செத்துவிட்டேன்" என்ற காட்சிக்கு அது வேறு எங்கிருந்தோ சரக்கெடுக்கிறது: கூப்பிட்டும் யாரும் திரும்பாத தருணங்கள், நாம் இல்லாமலே நடந்துகொண்டிருக்கும் ஓர் இடம், நம் சாமானைத் தொடும் இன்னொரு கை. கனவில் செத்தவர்கள் பலரும் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். பார்ப்பவர் சாகவில்லை. செத்தது அந்த மேசைக்காரர், அந்த மனைவி, அந்த மாணவன், நேற்று வரைக்கும் இருந்த ஏதோ ஒரு வேடம். நாமும் பேச்சில் இதையே சொல்கிறோம். "அந்தப் பழைய ஆள் எப்பவோ செத்துப்போயிட்டான்", "எனக்கு இது மறுபிறவி" என்றால் யாரும் மருத்துவரைக் கூப்பிடுவதில்லை.

கனவுகளில் சாவு மாற்றத்தைக் குறிக்கும் என்பது பழைய எண்ணம்தான். 2ஆம் நூற்றாண்டில் ஆர்ட்டெமிடோரஸ் என்ற கிரேக்கர், அடிமை ஒருவன் தான் இறப்பதாகக் கனவு கண்டால் விடுதலை கிடைக்கும், மணமாகாதவர் கண்டால் கல்யாணம் நடக்கும் என்று எழுதி வைத்தார். ஆனால் அவர் சொன்னது ஜோசியம், இனி வரப்போவதைப் பற்றியது. இன்றைய ஆய்வு சொல்வது நேர்மாறு. கனவு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் மாற்றத்துக்குப் பின்னால் வருகிறது, முன்னால் போவதில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் எர்னஸ்ட் ஹார்ட்மன் இதை இப்படி விளக்கினார்: கனவின் மையக்காட்சி என்பது அந்த நேரத்து உணர்ச்சிக்குக் கிடைத்த உருவம். பெரிய விபத்திலிருந்து தப்பியவர்கள் விபத்தையே காண்பதற்குப் பதில், பேரலை ஒன்று தங்களை அடித்துக்கொண்டு போவதாகக் காண்பதை அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். அலை அவர்கள் வாழ்க்கையில் எங்கும் இல்லை. "என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை" என்ற உணர்ச்சிதான் அலையாக வந்தது. சாவும் அப்படி ஒரு உருவம்தான் என்று எடுத்துக்கொண்டால், கேட்க வேண்டிய கேள்வி "எப்போது சாவேன்?" அல்ல, "கனவில் எனக்கு என்ன உணர்ச்சி இருந்தது?" என்பதே. எனக்குப் பயம் விழித்த பிறகுதான் வந்தது. கனவுக்குள் இருந்தது எரிச்சல்: எழுதும் பேனா எதுவென்று எனக்குத் தெரியும், ஆனால் என்னைக் கேட்க ஆளில்லை. வேலையை விட்ட அந்த வாரம் முழுக்க எனக்குள் ஓடியதும் அதே எரிச்சல்தான். அதை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

எல்லாச் சாவுக் கனவும் மாற்றத்தைத்தான் சொல்கிறது என்று இதை ஒரு சூத்திரமாக்கிவிடக் கூடாது. வாழ்க்கையில் எதுவும் மாறாதபோது வந்த கனவுக்கு வலிந்து ஒரு மாற்றத்தைத் தேடிப் பிடித்தால் அதுவும் ஜோசியம்தான்.

மாற்றத்தைக் கனவு கையாள்கிறது என்பதற்கு நல்ல சான்று வேறொரு திசையிலிருந்து வருகிறது. சிகாகோவில் ரோசலிண்ட் கார்ட்ரைட் என்ற உளவியலாளர், மணமுறிவில் இருந்தவர்களை உறக்கக் கூடத்தில் படுக்கவைத்து, ரெம் நேரத்தில் எழுப்பிக் கனவைக் கேட்டார். அவர்களில் பலருக்கு மனச்சோர்வு இருந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தால், பிரிந்த துணையை அப்போது கனவில் கண்டவர்களே அதிகமாகத் தேறியிருந்தார்கள். பிரிந்தவரைக் கனவிலும் பார்க்க நேர்ந்தவர்கள்தான் முந்திக் கரையேறினார்கள் என்பது எனக்கு இன்னும் வியப்பு.

அப்படியானால் உண்மையாகவே சாவை நெருங்கியவர்கள் என்ன கனவு காண்கிறார்கள்? நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், இறுதிக்காலப் பராமரிப்பில் இருந்த 59 பேரிடம் கிறிஸ்டோபர் கெர் என்ற மருத்துவரின் குழு அன்றாடம் கனவுகளைக் கேட்டுப் பதிவு செய்து 2014இல் வெளியிட்டது. முடிவு நெருங்க நெருங்க அவர்கள் கனவில் அதிகம் வந்தவர்கள், ஏற்கெனவே இறந்துபோன அன்புக்குரியவர்கள். பயணத்துக்குக் கிளம்புகிற கனவுகளும் இருந்தன. பெரும்பாலும் அவை ஆறுதல் தந்தன. நெஞ்சடித்து எழவைக்கும் "நான் செத்துவிட்டேன்" என்ற கனவு அந்தப் படுக்கைகளின் அடையாளம் இல்லை.

"ஆனால் கனவு கண்ட வாரமே ஒருவர் போய்ச் சேர்ந்தாரே" என்று எல்லோருக்கும் ஒரு கதை தெரிந்திருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இந்தக் கனவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 20,000 கனவு. ஆயிரத்துக்கு எட்டுப் பேர் வருடந்தோறும் இறக்கிறார்கள் என்றால், கனவு கண்ட ஒரு வாரத்துக்குள் வெறும் தற்செயலாகவே மூன்று பேர் இறப்பார்கள். அந்த மூன்று கதையும் தலைமுறைக்கும் பேசப்படும். எழுந்து பல் துலக்கி வேலைக்குப் போன மற்ற 19,997 பேரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். கனவில் செத்தால் நிஜத்திலும் செத்துப்போவோம் என்ற பேச்சுக்கும் இதுவே பதில்: கனவில் செத்து, காலையில் அதை நம்மிடம் வந்து சொன்னவர்கள் ஏராளம்.

ஆபத்து இருக்கும் இடங்களும் உண்டு. அங்கே கவனிக்க வேண்டியது கதையை அல்ல, கனவைச் சுற்றி உடல் என்ன செய்கிறது என்பதை. மூச்சுத்திணறிச் சாவதாகக் கண்டு அடிக்கடி விழிப்பவர் உரத்துக் குறட்டை விடுகிறார், காலையில் தலைவலியோடு எழுகிறார், பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறார் என்றால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு இருக்கலாம். ரெம் உறக்கத்தில் தொண்டைத் தசையும் தளர்வதால் அது அப்போது மோசமாகும். இன்னொன்று, ஐம்பதைத் தாண்டியவர் கனவில் யாரோ தன்னைக் கொல்ல வருவதாகக் கண்டு நிஜமாகவே கைகால் வீசி, பக்கத்தில் படுத்திருப்பவரை அடிப்பது. தசைக்குப் போட்ட பூட்டு பழுதாகியிருக்கிறது என்று பொருள். இது உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் வருவதால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். புதிதாக ஒரு மாத்திரை தொடங்கிய பிறகு கனவுகள் கொடூரமானால் அதையும் மருத்துவரிடம் சொல்லலாம். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரும் ப்ரோப்ரனலால் இதற்குப் பேர்போனது. கனவில் செத்தது நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதி விழித்த பிறகும் வேண்டும்போல் இருக்கிறது என்றால் தள்ளிப்போடாமல் அன்றைக்கே ஒருவரிடம் பேச வேண்டும்.

ஒரே சாவு வாரம் இரண்டு மூன்று முறை திரும்பி வந்து தூக்கத்தைக் கெடுத்தால் பகலிலேயே அதைத் திருத்தி எழுதலாம். கனவை எழுதி, பிடித்த இடத்தில் பிடித்தமாதிரி மாற்றி, புதிய வடிவத்தைத் தினம் பத்து இருபது நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது. அமெரிக்க உறக்க மருத்துவர் பேரி க்ராக்கோவின் குழு 2001இல் இதைச் சோதித்தபோது கொடுங்கனவுகள் கணிசமாகக் குறைந்தன. நானும் செய்து பார்த்தேன். மூன்றாம் வாரம் அந்தப் பையன் மறுபடி வந்தான். இழுப்பறையைத் திறந்தான். இந்த முறை நான் தரையில் கிடக்கவில்லை, வாசலில் நின்றிருந்தேன். நீல மூடிப் பேனா என் சட்டைப்பையில் இருந்தது. கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே விழிப்பு வந்துவிட்டது.