23-லேயே நிற்குது மிஸ்

"மிஸ், எனக்கு டைப்பிங் வராது போலிருக்கு." இந்த ஜனவரியில் இப்படிச் சொல்லிக்கொண்டு குன்னூரில் உள்ள எங்கள் பயிலகத்துக்குப் படியேறி வந்தவர்களில் இந்தப் பெண் நான்காவது. கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீடு. பஸ் நேரம் ஒத்துவராததால் அண்ணனின் பழைய லேப்டாப்பில், ஒரு இணையத் தளத்தைப் பார்த்துத் தனியாகவே பழகுகிறாள். காலையில் மூன்று மணி நேரம். ஐந்து வாரமாக வேகம் நிமிடத்துக்கு 23 சொல்லிலேயே நிற்கிறது. ஜூனியர் தேர்வுக்கு 30 வேண்டும்.

இதில் மேட்டுப்பாளையத்துத் தோழி வேறு 45 என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறாள்.

என்ன பயிற்சி செய்கிறாய் என்று கேட்டேன். "தினமும் பத்துப் பதினைந்து டெஸ்ட் எடுப்பேன் மிஸ்." எனக்குக் கோபம் வருவது இங்கேதான். டெஸ்ட் என்பது பயிற்சி இல்லை, அம்மா. சாயந்திரம் இலையைத் தராசில் எத்தனை முறை தூக்கி வைத்தாலும் ஒரு கிலோ கூடிவிடாது, அது செடியில்தான் வளர வேண்டும். டெஸ்ட் ஓடும்போது விரல் புதிதாக எதையும் கற்பதில்லை, தெரிந்த தப்பையே வேகமாகச் செய்கிறது. எண் ஏறாததைப் பார்த்து மனசு விட்டுப்போய், அடுத்த டெஸ்டில் இன்னும் அவசரம். பதினைந்து முறை டெஸ்ட் எடுத்தால் பதினைந்து முறை தோற்றது மாதிரிதான் வீடு திரும்புவீர்கள். வீட்டிலேயே இருந்தாலும் அப்படித்தான்.

சரி, அவளை என் முன்னால் பத்து நிமிடம் அடிக்கவைத்தேன். 1150 ஸ்ட்ரோக். ஒரு சொல்லுக்கு ஐந்து ஸ்ட்ரோக் கணக்கில் அதே 23. ஆனால் நான் பார்த்தது வேகத்தை அல்ல, backspace விசையை. அறுபது முறை. ஒவ்வொரு முறையும் சுண்டுவிரல் மேலே போய், அழித்து, கண் கீழே இறங்கி, விரல்கள் நிற்க வேண்டிய ஹோம் கீயைத் தேடிப் பிடிக்கக் குறைந்தது இரண்டு விநாடி. மொத்தம் இரண்டு நிமிடம் அதிலேயே போகிறது. மிச்சம் எட்டு நிமிடத்தில் 1150 ஸ்ட்ரோக் என்றால் அவளுடைய கை ஏற்கெனவே கிட்டத்தட்ட 29-இல் ஓடுகிறது! ஐந்து வாரமாக நின்றது கை இல்லை. டைப்ரைட்டரில் பழகியவர்களுக்கு இந்த நோய் வராது. அங்கே பின்னால் நகரலாம், அழிக்க முடியாது.

அப்புறம் அந்த 45. தோழியின் ஸ்டேட்டஸைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரு நிமிட டெஸ்ட். எல்லாம் சின்ன எழுத்து, கமா இல்லை, புள்ளி இல்லை, அடிக்கடி வரும் சின்னச் சொற்கள். தேர்வுத் தாள் அப்படியா வரும்? என் தாளைப் படம் பிடித்து அனுப்பி, பத்து நிமிடம் அடித்துச் சொல்லச் சொன்னோம். பாவம், நேர்மையான பெண். 31 என்று பதில் வந்தது. இவளைவிட அதிகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு மடங்கு இல்லை. இனி யாராவது எண் சொன்னால் பொறாமைப்படும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை நிமிடம், என்ன தாள், எத்தனை தப்பு.

மூன்று மணி நேரத்தையும் குறைக்கச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. பிரிட்டனில் தபால்காரர்களுக்கு டைப்பிங் கற்றுக்கொடுத்த ஓர் ஆய்வு 1978-இல் வெளியானது. நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்களுக்குக் கற்க ஆன மொத்த மணி நேரம், நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைவு. வேடிக்கை என்னவென்றால், தங்கள் முன்னேற்றத்தில் குறைவாகத் திருப்திப்பட்டவர்களும் அந்த ஒரு மணி நேரக்காரர்கள்தான். நாள் கணக்கில் பார்த்தால் இழுத்துக்கொண்டே போகிறதே! நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கும்போதே கற்கவில்லை என்று தோன்றும்.

அவளுக்குக் கொடுத்தது இவ்வளவுதான். காலை அரை மணி, மாலை அரை மணி. முதல் பத்து நிமிடம் ஆரம்பப் பாடமான asdfgf ;lkjhj, வெட்கப்படாமல். backspace மேல் ஒரு துண்டு பிளாஸ்டர். தப்பு வந்தால் அப்படியே போக வேண்டும், முடிந்தபின் எந்த எழுத்தில் தப்பியது என்று நோட்டில் குறித்து, மறுநாள் அந்த எழுத்து வரும் சொற்களை மட்டும் மெதுவாக. டெஸ்ட் ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஒன்று, பத்து நிமிடம், எப்போதும் ஒரே நேரத்தில். அதுவும் காலை ஐந்து மணிக்கு வேண்டாம், தயவுசெய்து. உறைபனி விழும் மாதத்தில் விறைத்த விரலால் அடித்துவிட்டு மேட்டுப்பாளையத்தோடு போட்டியா? பதினொரு மணிக்கு, வெயில் வந்தபின், கையைத் தேய்த்துக்கொண்டு உட்காருங்கள்.

முதல் ஞாயிறு 19-க்கு இறங்கியது. போனில் அழுதாள். இறங்கும் என்று முன்பே சொல்லியிருந்தேன், ஆனாலும் அழுதாள். தப்பு எத்தனை என்று கேட்டேன். நாற்பதிலிருந்து பதினாறாகியிருந்தது. இரண்டாம் ஞாயிறு 21, மூன்றாவது 24. போன வாரம் 26, தப்பு ஒன்பது. அதில் ஆறு p-யும் w-வும். இந்த வாரம் அந்த இரண்டு எழுத்து மட்டும்தான்.